அந்தக் கைகள் தொட்டனவா?

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "சரி, கடைசியில என்னதான் ஆச்சு?" மாதம் ஒருமுறை, தில்லியில் எங்கள் குடியிருப்பின் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் தமிழர்கள், கூடிப் படம் பார்க்கிறோம். பல வருடப் பழக்கம். அந்தக் கேள்வி வராத மாதம் குறைவு. கேட்பவர்மீது எனக்கு வருத்தமில்லை. 'சுபம்' என்று அட்டை போட்டு முடியும் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அட்டை வந்தால் எழுந்து செருப்பைத் தேடலாம். அது வராமல் திரை இருண்டால், காசு கொடுத்துவிட்டு மிச்சம் வாங்காமல் வந்தவர்போல ஒரு தவிப்பு.

கேள்வியில் குறை இல்லை. அதற்கு அடுத்த ஐந்து நிமிடங்களில் நடப்பதில்தான் குறை. இரண்டில் ஒன்று நடக்கும். விஷயம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர், "அதாவது, டைரக்டர் என்ன சொல்ல வரார்னா..." என்று தொடங்குவார். மற்றவர்கள் வகுப்பறைப் பிள்ளைகள்போல அமைதியாகிவிடுவார்கள். இல்லாவிட்டால் சமாதானப் பிரியர் ஒருவர், "அவரவருக்கு எப்படித் தோணுதோ அப்படி எடுத்துக்க வேண்டியதுதான்" என்பார். கேட்பதற்கு இது பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் பேச்சைக் கொல்வதில் முன்னவரைவிட இவர் வல்லவர். எல்லா விடையும் சரி என்றால் இன்னொருவர் சொல்வதை நான் எதற்குக் கேட்க வேண்டும்? வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது என்பதை எங்களுக்குக் காட்டியது 'சாருலதா'தான். 1964இல் சத்யஜித் ராய் எடுத்த படம். கதை தாகூருடையது, 1901இல் எழுதிய 'நஷ்டநீட்', அதாவது சிதைந்த கூடு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தா. பூபதி வசதியான மனிதன், நல்லவன், தான் நடத்தும் ஆங்கிலப் பத்திரிகையையே உலகமாகக் கொண்டவன். மனைவி சாரு பெரிய வீட்டில் தனியாகப் பொழுதைத் தள்ளுகிறாள். பூபதியின் உறவில் தம்பி முறையாகும் அமல் வந்து தங்குகிறான். இருவரும் சேர்ந்து எழுதுகிறார்கள், படிக்கிறார்கள், சீண்டிக்கொள்கிறார்கள். தன் மனம் எங்கே போய்விட்டது என்பது சாருவுக்குத் தெரிகிறது. அமலுக்கும் தெரிந்ததும் அவன் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறான். பிறகு ஒரு நாள் அவனிடமிருந்து கடிதம் வருகிறது. கணவன் வெளியே போய்விட்டான் என்று நினைத்து சாரு உடைந்து அழுகிறாள். பூபதி திரும்பி வந்து அதைப் பார்த்துவிடுகிறான்.

அவன் வண்டியில் ஏறி ஊரைச் சுற்றுகிறான். இருட்டிய பிறகு வீடு வருகிறான். சாரு கதவருகே நின்று, வா என்று கை நீட்டுகிறாள். அவன் தயங்கி, தன் கையை நீட்டுகிறான். அந்த இடத்தில் படம் நின்றுவிடுகிறது. நின்றுவிடுகிறது என்றால் முடிந்துவிடுகிறது என்று அர்த்தமில்லை. அசைவு நின்று, பிறகு சில உறைந்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கைகள். அவள் முகம். அவன் முகம். விளக்கோடு வந்து நிற்கும் வேலைக்காரர். பிறகு கொஞ்சம் தள்ளியிருந்து இருவரும். அதன்மேல் தாகூர் கதையின் பெயர் வங்காள எழுத்தில்.

அன்றைக்கும், "அப்ப சேர்ந்துட்டாங்களா, இல்லையா?" என்றுதான் ஆரம்பித்தது. அன்று பேச்சை நடத்தும் முறை என்னுடையது. பதில் சொல்லத் தெரியாததால், தப்பிக்கிற எண்ணத்தில் வேறொன்று கேட்டேன். கடைசியாகக் கண்ணில் பட்டது என்ன என்று ஒவ்வொருவரும் சொல்லுங்கள், காரணம் வேண்டாம், கருத்தும் வேண்டாம், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பத்துப் பேரில் நான்கு பேர், கைகள் தொட்டுக்கொண்டன என்றார்கள். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர் சத்தியமே செய்தார்: "அவ கையைப் பிடிச்சான் சார், நான் பார்த்தேன்." ஒரு மாமி, கைகள் தொடவில்லை, ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது என்றார். வேலைக்காரர் வந்ததை மூன்று பேர் கவனிக்கவே இல்லை. கடைசியில் வந்த எழுத்து என்ன என்று ஒருவர் கேட்டார். அது 'முற்றும்' என்பதற்கான வங்காளச் சொல் என்று நினைத்திருந்தார். சற்று முன்தான் எல்லோரும் ஒரே திரையைப் பார்த்திருந்தோம்.

கடைசி மூன்று நிமிடங்களை மறுபடி போட்டோம். கைகள் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, அது அப்படியே உறைந்திருக்கிறது. மேலாளர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். "அப்ப நான் பார்த்தது என்ன?" என்று கேட்டார். அன்றைய மாலையின் மிக நல்ல கேள்வி அதுதான். அவர் பார்த்தது அவர் விரும்பியது. கை நீண்டால் இன்னொரு கை அதைப் பிடிக்கும் என்று ஆயிரம் படங்கள் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தன. ராய் நிறுத்திய இடத்திலிருந்து மிச்சத்தை அவரே ஓட்டி முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம். முடிவு புரியாத படம் என்றால், தேநீருக்கு முன்னால் யாரும் பேசுவதில்லை. தேநீருக்குப் பிறகு முதல் சுற்றில் பார்த்ததும் கேட்டதும் மட்டும். அப்புறம் கடைசிப் பகுதியை மறுபடி ஓட்டிப் பார்ப்பது. அதற்குப் பின்தான் கருத்து. ஏற்பாடு செய்தவர் கடைசியில் பேசுவார். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் முடிவு குறித்த சண்டைகளில் பாதி, படத்தில் இல்லாத ஒன்றைப் பற்றியவை. அவை இந்தச் சுற்றிலேயே உதிர்ந்துவிடும். மிஞ்சுவதுதான் உண்மையான பிரச்சினை.

இரண்டாவதாகக் கற்றுக்கொண்டது, எல்லாமே திறந்த கேள்வி அல்ல என்பது. அன்று ஒருவர், "அமல்மேல அவளுக்கு இருந்தது வெறும் பாசம். கொழுந்தன்தானே" என்று பிடிவாதமாகச் சொன்னார். இதைத் திறந்த கேள்வியாக வைத்துக்கொள்ள முடியாது. கடிதம் வந்ததும் அவள் அழுத அழுகையை நாம் பார்க்கிறோம். பூபதியும் பார்க்கிறான், பார்த்துப் புரிந்துகொள்கிறான். படம் இதில் எந்தச் சந்தேகத்தையும் வைக்கவில்லை. அவரவர் பார்வை என்று இதையும் விட்டுவிட்டால், மேற்கொண்டு பேச எதுவும் இராது. இன்னொரு வகைக் கேள்வி உண்டு: அமல் பிறகு என்ன ஆனான்? படம் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, நாமும் படவேண்டியதில்லை. இப்படி, படம் விடை சொல்லிவிட்டவற்றையும் படத்துக்கு அக்கறையில்லாதவற்றையும் ஒதுக்கிய பின், படம் வேண்டுமென்றே நம் கையில் கொடுத்துவிட்டுப் போனது ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். 'சாருலதா'வில் அது அந்த இடைவெளி.

அதைப் பற்றிப் பேசும்போது யார் சொல்வது சரி என்று கேட்பதில்லை. அவர் சொல்வதற்கு எதிராகப் படத்தில் இருப்பது எது, அதை அவர் எப்படிச் சமாளிப்பார் என்று கேட்கிறோம். மேலாளர், கைகள் தொடவில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகும், இவர்கள் சேர்வார்கள் என்றார். அழைத்தது அவள், கை நீட்டியது அவள், அவனும் நீட்டினான். இன்னும் ஒரு நொடிதான் பாக்கி என்றார். நியாயம்தான். ஆனால் கடைசி எழுத்து 'சிதைந்த கூடு' என்கிறதே? அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சிதைஞ்ச கூட்டுலதானே சார் பல பேர் குடித்தனம் பண்றோம்" என்றார். கூடம் சிரித்தது. ஆனால் அது சிரிப்புக்காகச் சொன்ன பதில் அல்ல. அவருடைய முதல் கருத்து அங்கே மாறிவிட்டது. சேர்வது என்றால் பழையபடி ஆவது என்று தொடங்கியவர், பழையபடி ஆகாமலும் சேர்ந்து இருக்கலாம் என்ற இடத்துக்கு வந்திருந்தார்.

எதிர்த் தரப்பில் இருந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. எல்லாம் முடிந்துவிட்டது, இனி வெறும் மரியாதைதான் என்றார். அப்படியானால் அந்த வேலைக்காரர் எதற்கு விளக்கோடு வருகிறார்? வீடு இருண்டே இருந்திருக்கலாமே? ஆசிரியைக்கு இது சங்கடமாக இருந்தது. பிறகு சொன்னார்: விளக்கு வருவதால்தான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டியிருக்கிறது, இருட்டாக இருந்திருந்தால் கையைப் பிடித்திருக்கலாம். நான் அந்த விளக்கை அப்படி யோசித்ததே இல்லை. அதுவரை அதை நம்பிக்கையின் அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தேன். விளக்கு என்றால் நம்பிக்கை என்பது எவ்வளவு சோம்பேறித்தனமான எண்ணம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதுவரை பேசாதிருந்த மாமி கேட்டார்: "முதல்லயும் கைதானே காட்டினான்?" ஆமாம். படம் தொடங்குவதே ஒரு கையில்தான். சாரு கைக்குட்டையில் ஓர் எழுத்தைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். பூபதியின் பெயரின் முதல் ஆங்கில எழுத்து. கணவனுக்காக வேலை செய்யும் அந்தக் கை மூன்று நிமிடங்களுக்கு முன் நாம் பார்த்த அதே கை. அப்போது அவன் அதைக் கவனிக்கவில்லை. இப்போது கவனிக்கிறான், ஆனால் காலம் கடந்துவிட்டது. மாமிக்கு இதைத்தான் சொல்ல வேண்டும் என்று இருந்ததா அல்லது சும்மா ஞாபகம் வந்து சொன்னாரா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு சேர்ந்தார்களா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. இந்தக் கை இத்தனை நாள் எங்கே இருந்தது என்று பேச ஆரம்பித்துவிட்டோம்.

இந்த மாதிரிப் பேச்சைத் திசைமாற்றும் ஆசை இரண்டு பக்கத்திலிருந்து வரும். மூலக் கதையைப் படித்தவரிடமிருந்து ஒன்று. தாகூரின் முடிவு வேறு. அதில் பூபதிக்கு மைசூரில் ஒரு பத்திரிகை வேலை கிடைக்கிறது. என்னையும் அழைத்துப் போங்கள் என்கிறாள் சாரு. அவன் தயங்குகிறான், முடியாது என்கிறான். அவள் முகம் வெளுப்பதைப் பார்த்து, சரி வா என்கிறான். வேண்டாம், இருக்கட்டும் என்கிறாள் அவள். கதை அதோடு நிற்கிறது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதைச் சொல்லி, "அப்ப பதில் தெரிஞ்சுபோச்சு, பிரிஞ்சுட்டாங்க" என்று முடித்துவைக்கப் பார்த்தார். ஆனால் ராய் அந்த முடிவை அப்படியே எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டதை விடைத்தாளாக வைத்துத் திருத்துவது எப்படி நியாயம்? மூலத்தைத் தெரிந்துகொள்வது வேறு வகையில் உதவுகிறது. கதையில் மறுப்பவள் சாரு. படத்தில் அழைப்பவள் சாரு, தயங்குபவன் பூபதி. எது எங்கே மாறியிருக்கிறது என்று கேட்டால் பேச்சு வளர்கிறது. எது சரியான விடை என்று கேட்டால் நின்றுவிடுகிறது.

இன்னொன்று, இயக்குநரின் பேட்டி. இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் அதைத் தேடி எடுத்துவிடுகிறார். ராய் தம் படத்தைக் குறை சொன்னவர்களுக்கு விரிவாகப் பதில் எழுதியவர்தான்; அவர் எழுதியதைப் படிப்பது சுகம். ஆனால் எங்கள் கூடத்தில் பேட்டிகளுக்குக் கடைசி அரை மணி நேரம்தான். முதலில் வந்தால் அது தீர்ப்பு. கடைசியில் வந்தால் அறையில் இன்னொருவரும் பேசினார் என்று ஆகிறது.

பேட்டி எடுக்கப் போனவர்களை ஏமாற்றியவர் மிருணாள் சென். அவருடைய 'ஏக்தின் பிரதிதின்' 1979ஆம் வருடத்துப் படம். சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதை அவருக்கு வாங்கித் தந்தது. இது வேறு வகையான திறந்த முடிவு. 'சாருலதா'வில் ஒரு செயல் பாதியில் நிற்கிறது. இதில் ஒரு தகவல் மறைக்கப்படுகிறது. கல்கத்தாவின் பழைய கட்டடம் ஒன்றில் ஒண்டுக்குடித்தனம். ஏழு பேர் கொண்ட குடும்பம், சம்பாதிப்பவள் மூத்த மகள் ஒருத்திதான். மமதா சங்கர் நடித்த அந்தப் பெண் ஒரு நாள் மாலை ஆபீசிலிருந்து வீடு திரும்பவில்லை. இரவு ஏறுகிறது. மகன் போலீஸ், ஆஸ்பத்திரி என்று அலைகிறான். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறக்கின்றன, காதுகள் நீளுகின்றன. வீட்டுக்காரர் கௌரவத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். வீட்டுக்குள் எல்லோருக்கும் அவளைப் பற்றிக் கவலை. அந்தக் கவலைக்கு அடியில் சம்பளத்தைப் பற்றிய கவலை. விடிவதற்குள் அவள் வந்துவிடுகிறாள். நல்லபடியாகத்தான் வருகிறாள். எங்கே போயிருந்தாள் என்று படம் சொல்லாமலே முடிந்துவிடுகிறது.

படம் வந்த காலத்தில் சென்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. எனக்குத் தெரியாது என்பதுதான் அவர் பதில். தந்திரம் என்று சிலருக்குத் தோன்றியது. எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒரு பரீட்சை செய்து பார்க்கும்வரை.

பரீட்சை இதுதான். அவள் எங்கே போயிருந்தாள் என்று நாமே ஒரு பதிலை எழுதிப் படத்தில் ஒட்டிப் பார்ப்பது. தோழிக்கு உடம்பு சரியில்லை, இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். உடனே எல்லோரும் தலைகுனிவார்கள், அப்பாவிப் பெண்ணைச் சந்தேகித்தோமே என்று அம்மா அழுவாள், நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போவோம். அப்படியானால் அப்பாவியாக இல்லாவிட்டால் சந்தேகித்தது சரி என்று ஆகிறது. ஒரு ஆணோடு இருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் ஜெயித்துவிடுகிறார். எந்தப் பதிலைப் போட்டாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் அவள்தான். விடுதலையா தண்டனையா என்பது மட்டும்தான் மாறுகிறது. பதில் இல்லாமல் விட்டால்தான் கூண்டில் மற்றவர்கள் நிற்கிறார்கள். ஆகவே அந்த ஓட்டை படத்துக்கு வேண்டியது.

இந்தப் பரீட்சை போலிகளையும் காட்டிக் கொடுக்கும். முடிவைத் திறந்து வைப்பது ஒரு காலத்தில் துணிச்சல். இப்போது பல இடங்களில் அது அடுத்த பாகத்துக்குப் போட்ட கொக்கி, அல்லது எப்படி முடிப்பது என்று தெரியாததற்கு நல்ல பெயர். நாமே ஒரு முடிவை ஒட்டிப் பார்க்கும்போது படத்தில் வேறெதுவும் அசையவில்லை என்றால், ஒரு பதிலுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டாலும் முந்தைய காட்சிகள் அப்படியே இருக்கின்றன என்றால், அங்கே திறந்திருப்பது கதவு அல்ல, வெறும் சுவர் ஓட்டை. அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவேண்டிய அவசியமில்லை. படம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்ளலாம். எங்கள் கூட்டத்தில் இதைச் சொல்லப் பலருக்குத் தைரியம் வர வருடங்கள் ஆயின. புரியாதது எல்லாம் உயர்ந்தது என்ற பயம்.

ஆனால் 'ஏக்தின் பிரதிதின்' பார்த்த அன்று இந்தப் பரீட்சைக்கு நாங்கள் நிதானமாக வந்து சேரவில்லை. தேநீர் வழக்கத்தை அன்று யாரும் மதிக்கவில்லை. திரை இருண்டதும் ஊகம் தொடங்கிவிட்டது. ஓவர்டைம் என்றார் ஒருவர். ஓவர்டைம் என்றால் சொல்லி அனுப்பியிருப்பாளே என்றார் இன்னொருவர். காதலன் என்று ஒரு குரல். காதலன் என்றால் திரும்பியே வந்திருக்க மாட்டாள் என்று மறுகுரல். மேலாளர் அவளுடைய நடையையும் முகத்தையும் வைத்து வக்கீல்போல வாதாடினார். எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். நானும்தான்.

பின்வரிசையில் ஒரு பெண் இருந்தாள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக இங்கே மாலை முறையில் வேலை பார்ப்பவள், தனியாக வாடகைக்கு இருப்பவள். அந்த மாதம்தான் முதன்முறை வந்திருந்தாள். "நான் ஒண்ணு சொல்லலாமா சார்?" என்றாள். "நேத்து நான் வீட்டுக்கு வரும்போது ராத்திரி பன்னிரண்டரை. ஹவுஸ் ஓனர் மாடிப்படியில உட்கார்ந்திருந்தார். ஒண்ணுமே கேக்கலை. கையில இருந்த வாட்சைப் பார்த்தார், அவ்வளவுதான். நீங்க எல்லாரும் இப்ப பேசினது எனக்கு அந்த மாடிப்படி மாதிரியே இருந்தது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெல்ல, "நாங்க படத்தைப் பத்தித்தான்மா பேசினோம்" என்றார். "தெரியும் சார்" என்றாள் அவள். அதில் கோபம் இல்லை. அன்று பேச்சு அதற்கு மேல் ஓடவில்லை. ஓட வைக்க நானும் முயலவில்லை. சில நாள் நிறுத்துவதுதான் பேச்சுக்கு மரியாதை.

அந்தப் பரீட்சையைச் செய்து பார்த்தது அடுத்த மாதம்தான். மேலாளரே எடுத்துக் கொடுத்தார். ஊகித்தது தப்பில்லை, ஊகிக்காமல் இருக்க முடியாது, படம் அதற்குத்தான் நம்மை விட்டுவிடுகிறது என்றார் அவர். ஆனால் தாம் ஊகித்த விதத்தைப் பற்றி ஒன்று சொன்னார்: அவள் எங்கே போனாள் என்று ஏழெட்டுப் பதில்கள் சொன்னோம், அந்த ராத்திரி அம்மா என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று ஒருவரும் ஒரு பதிலும் சொல்லவில்லையே, அதுவும்தான் தெரியாத விஷயம். கீதா சென் நடித்த அந்த அம்மாவின் முகம் படம் முழுக்க இருக்கிறது. ஓடிப் பார்க்க அதுவும் திறந்துதான் இருந்தது. எங்களுக்கு அந்தப் பக்கம் போகத் தோன்றவில்லை. அன்றைக்கு முழுக்க அம்மாவைப் பற்றியே பேசினோம். மகள் திரும்பி வந்ததும் அம்மா ஏன் ஒன்றும் கேட்கவில்லை? பயமா, வெட்கமா, அவள் சொல்லிவிடுவாளோ என்ற அச்சமா? ஆசிரியை ஒன்று சொன்னார், மாமி இன்னொன்று சொன்னார். இருவருக்கும் படத்தில் இடம் இருந்தது. இருவரும் மற்றவர் சொன்னதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். ஒத்துப்போகவில்லை.

அந்தப் பெண் அன்று வரும்போது மணி எட்டாகிவிட்டது. படம் ஆறு மணிக்கே ஆரம்பித்திருந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஏன் லேட் என்று ஒருவரும் கேட்கவில்லை. மேலாளர் ஒரு நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் பையை வைத்துக்கொள்ளச் சொன்னார். நாங்கள் கேட்காதது மரியாதையினாலா, அல்லது படத்தில் அந்தக் குடும்பம் கேட்காததுபோலவா என்று வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன்.